தாம்பரத்தில் 49 செ.மீ: மீன் மாறும், மீடியன் மாறாது

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஷீட்ல "அவுட்லையரை நீக்கிவிட்டு விடை காண்க"னு ஒரு கணக்கு வரும். யோசிக்காம நீக்கிடுவோம். நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் செஞ்சேன். நம்ம ஏரியா மழையை வச்சே இதைப் பார்க்கலாம்.

ஏழு நாள் மழை அளவு, செ.மீ-ல (பயிற்சிக்காக நான் போட்ட எண்கள்):

2, 3.5, 1.1, 4.5, 2, 3, 4.9

மீடியனுக்கு முதல்ல வரிசைப்படுத்தணும். நிறைய பேர் மார்க் விடுறது இங்கதான். 1.1, 2, 2, 3, 3.5, 4.5, 4.9. நடுவுல இருக்கிற நாலாவது எண் 3, அதுதான் மீடியன். மோட் 2. கூட்டுத்தொகை 21, ஏழால வகுத்தா மீன் 3. (தமிழ் மீடியம் நண்பர்களுக்கு இது சராசரி, சாப்பிடுற மீன் இல்ல.)

இப்போ 4.9-ல புள்ளி விட்டுப்போய் 49 ஆயிடுச்சுனு வைங்க. வரிசையில அது அப்பவும் கடைசிதான். அதனால மீடியன் 3, மோட் 2, ரெண்டும் அசையல. கூட்டுத்தொகை மட்டும் 65.1 ஆகுது, மீன் 9.3. ஏழு நாள்ல ஆறு நாள் 5 செ.மீ-கூட தாண்டல, ஆனா "தினமும் சராசரியா 9.3"னு விடை வருது.

சரி, 49-ஐ தூக்கிட்டா? மீதி ஆறு எண். நடுவுல 2, 3 ரெண்டும் நிக்கும், மீடியன் 2.5 ஆயிடும். எண்ணிக்கையே மாறிட்டதால, 49 இருந்தப்போ அசையாத மீடியன் அதை நீக்கினப்புறம் நகருது. தப்பான எண்ணைத் திருத்துறதும் நீக்குறதும் ஒண்ணு இல்ல.

ஆனா அந்த 49 தப்பா? 2015 டிசம்பர் 2 காலை 8.30-ல முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்தில் பதிவான மழை நிஜமாவே 49 செ.மீ. புள்ளி விட்டுப்போனதானு சந்தேகம் வந்தா, பக்கத்து மழைமானியைப் பாக்கணும். அன்னிக்கு செம்பரம்பாக்கத்தில் 47. ரெண்டு இடத்துலயும் ஒரே நாள்ல புள்ளி விட்டுப்போகாது.

அப்போ எதை விடையா எழுதுறது? கேள்வியைப் பொறுத்தது. "வழக்கமான நாள் எப்படி இருந்துச்சு?"னா மீடியன் 3. "ஏரிக்கு மொத்தம் எவ்ளோ தண்ணி வந்துச்சு?"னா மீன்தான் வேணும், ஏன்னா 9.3-ஐ ஏழால பெருக்கினா மொத்தம் 65.1 திரும்பக் கிடைக்கும். மீடியனைப் பெருக்கினா 21 தான் வரும், 44 செ.மீ மழை பேப்பர்ல காணாமப் போயிடும். படப்பை, மணிமங்கலம் பக்க ஏரிகள் நிரம்பி அடையாறுல கலக்குற தண்ணிக்கு யாராவது அந்த 21-ஐ வச்சு கால்வாய் போட்டா, முடிச்சூர் மறுபடியும் மூழ்கும். உண்மையில கால்வாய்க்கு மீனும் போதாது, அந்த ஒரு நாளோட 49-ஐயே தனியா எடுத்துப் பாக்கணும்.

உங்க ஷீட்ல நாலாவது கணக்கு இதே மாதிரிதான். நீக்கச் சொல்லியிருந்தா நீக்குங்க, ஆனா எத்தனை எண் மிச்சம்னு எண்ணிட்டு மீடியன் போடுங்க.