வேகவியல் ஈனோலேட் கலங்காமல் இருக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2-மெத்தில் சைக்ளோஹெக்சனோனைக் கையில் எடுத்துக்கொள்வோம். கார்பனைலின் ஒரு பக்கம் 2-ஆம் கார்பன்: அதில் ஒரு மெத்தில், ஒரே ஒரு ஹைட்ரஜன். மறுபக்கம் 6-ஆம் கார்பன்: அதில் இரண்டு ஹைட்ரஜன்கள், இடைஞ்சல் ஏதுமில்லை. இதோடு பென்சைல் புரோமைடைச் சேர்த்து ஒரு பென்சைல் தொகுதியை ஏற்ற வேண்டும். எந்தப் பக்கம் ஏறும் என்பது, எந்தப் பக்கத்து ஹைட்ரஜனைக் காரம் பறித்தது என்பதைப் பொறுத்தது.

எல்.டி.ஏ. எனப்படும் லித்தியம் டை-ஐசோபுரொப்பைல் அமைடு பருமனான காரம். நெருக்கடியான 2-ஆம் கார்பனை விட்டுவிட்டு, எளிதில் எட்டும் 6-ஆம் கார்பனின் ஹைட்ரஜனை முதலில் எடுக்கும். இது வேகவியல் ஈனோலேட். ஆனால் அதிக நிலைப்பு உடையது மெத்தில் இருக்கும் பக்கத்து ஈனோலேட்தான். அதன் இரட்டைப் பிணைப்பில் கூடுதலாக ஒரு கார்பன் தொகுதி உண்டு. இது வெப்ப இயக்கவியல் ஈனோலேட். முதலாவது இரண்டாவதாக மாறுவதற்கு ஒரு தூதுவன் வேண்டும். வினைபடாமல் மிஞ்சிய கீட்டோன்தான் அந்தத் தூதுவன். அது ஈனோலேட்டுக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. புதிதாக உருவான கீட்டோன் வேறொரு ஈனோலேட்டுக்குத் தன்னுடையதைக் கொடுக்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறிக் கலவை சமநிலைக்கு வந்துவிடுகிறது. கீழே உள்ளவை அனைத்தும் அந்தத் தூதுவனை உள்ளே விடாமலிருப்பதற்கான வழிகள்.

செய்ய வேண்டியவை

1. பியூட்டைல் லித்தியத்தை அன்றன்றே தரம்பாருங்கள். புட்டியின் சீட்டில் 1.6 மோலார் என்று இருக்கலாம்; செப்டத்தில் பலமுறை ஊசி குத்திய புட்டியில் அது குறைந்திருக்கும். உலர்ந்த டி.எச்.எஃப்.பில் நிறையறிந்த டைஃபீனைல் அசிட்டிக் அமிலத்தைக் கரைத்து, அதில் பியூட்டைல் லித்தியத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். மஞ்சள் நிறம் மறையாமல் நிற்கும் இடமே முடிவுப்புள்ளி.

2. அமீனைச் சற்றுக் கூடுதலாக எடுங்கள். 10 மில்லிமோல் கீட்டோனுக்கு (1.12 கிராம்) டை-ஐசோபுரொப்பைல் அமீன் 11 மில்லிமோல், அதாவது 1.54 மி.லி.; பியூட்டைல் லித்தியம் 10.5 மில்லிமோல். அமீனை 20 மி.லி. டி.எச்.எஃப்.பில் கரைத்து, நைட்ரஜன் சூழலில் 0 டிகிரியில் பியூட்டைல் லித்தியத்தைச் சேர்த்து, கால் மணி நேரம் கலக்குங்கள். அமீன் குறைந்தால் மிஞ்சும் பியூட்டைல் லித்தியம் நேராகக் கார்பனைலைத் தாக்கி, மூவிணைய ஆல்கஹாலைத் தரும். எல்.டி.ஏ.வின் பருமன் அந்தத் தாக்குதலுக்கு இடங்கொடுப்பதில்லை.

3. காரம் உள்ள குடுவைக்குள் கீட்டோனை ஊற்றுங்கள். உலர் பனிக்கட்டி-அசிட்டோன் தொட்டியில் எல்.டி.ஏ. கரைசலை மைனஸ் 78 டிகிரிக்குக் குளிரவையுங்கள். கீட்டோனை 5 மி.லி. டி.எச்.எஃப்.பில் கரைத்து, குளிர்ந்த சுவர் வழியாக வழியும்படி 15 முதல் 20 நிமிடத்தில் சேருங்கள். ஒவ்வொரு சொட்டும் காரக் கடலில் விழ வேண்டும். அப்போது கீட்டோன் உடனே ஈனோலேட்டாகிவிடும்; தூதுவன் தங்குவதற்கு நேரமே இருக்காது.

4. பென்சைல் புரோமைடைச் சேர்ப்பதற்கு முன் மாதிரி எடுத்துப் பாருங்கள். அரை மி.லி. ஈனோலேட் கரைசலை எடுத்து, டிரைமெத்தில்சிலைல் குளோரைடில் பிடித்து, என்.எம்.ஆர். எடுங்கள். வேகவியல் பக்கத்து சிலைல் ஈனால் ஈதரின் இரட்டைப் பிணைப்பில் ஒரு ஹைட்ரஜன் உண்டு, 4.7 முதல் 4.8 பி.பி.எம். அருகே சிகரம் தெரியும். வெப்ப இயக்கவியல் பக்கத்ததில் அந்த ஹைட்ரஜனே கிடையாது. கவனமாகச் செய்தால் வேகவியல் பக்கத்துக்குச் சுமார் 99:1 கிடைக்கும்.

5. மெத்தில் பக்கம்தான் வேண்டுமென்றால் வேறு வழியில் போங்கள். கீட்டோனை டிரைஎதில் அமீன், டிரைமெத்தில்சிலைல் குளோரைடு ஆகியவற்றோடு டி.எம்.எஃப்.பில் நெடுநேரம் சூடாக்கினால், சமநிலையில் சுமார் 78:22 என்று மெத்தில் பக்கத்துச் சிலைல் ஈனால் ஈதர் மேலோங்கும். அதைப் பின்னக் காய்ச்சி வடித்தலால் பிரித்துத் தூய்மையாக்கி, மெத்தில் லித்தியத்தைச் சேர்த்தால் அந்தப் பக்கத்து லித்தியம் ஈனோலேட் மட்டும் கிடைக்கும். சமநிலை ஒருபோதும் 99:1 தராது. அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

செய்யக்கூடாதவை

1. கீட்டோன் உள்ள குடுவைக்குள் காரத்தை ஊற்றாதீர்கள். கடைசிச் சொட்டு விழும் வரை அங்கே கீட்டோன்தான் மிகுதி. விழுந்த காரம் உண்டாக்கும் ஈனோலேட்டைச் சுற்றிலும் தூதுவர்களே நிற்பார்கள்.

2. புட்டிச் சீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 1.6 மோலார் என்று நம்பி 6.6 மி.லி. எடுத்தீர்கள்; உண்மையில் அது 1.3 மோலார். கிடைத்த எல்.டி.ஏ. சுமார் 8.5 மில்லிமோல்தான். 10 மில்லிமோல் கீட்டோனில் ஒன்றரை மில்லிமோல் அப்படியே மிஞ்சும். மைனஸ் 78-இல் மாற்றம் மெதுவாக நடப்பதால் ஒன்றும் தெரியாது. பென்சைல் புரோமைடைச் சேர்த்துச் சூடேறவிடும்போது அந்த ஒன்றரை மில்லிமோல் வேலையைக் காட்டும்.

3. ஆல்கைலேற்றத்தை இழுத்தடிக்காதீர்கள். விளைபொருளும் ஒரு கீட்டோன்தான், அதுவும் தூதுவனாகும். மிஞ்சிய ஈனோலேட்டுக்கு அது ஹைட்ரஜனைக் கொடுத்தால், ஒருபுறம் பக்கம் மாறும்; மறுபுறம் இரண்டு பென்சைல் ஏறிய பொருளும் உண்டாகும். ஆகவே பென்சைல் புரோமைடு 12 மில்லிமோலை (1.43 மி.லி.) ஒரே மூச்சில் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். 0 டிகிரிக்குச் சூடேறவிட்டு டி.எல்.சி. பாருங்கள், வினை முடிந்ததும் அம்மோனியம் குளோரைடு கரைசலால் உடனே நிறுத்துங்கள். பென்சைல் புரோமைடு கண்ணைக் கடுமையாக எரிக்கும். புகைக்கூண்டுக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது.

4. ஈரிணைய, மூவிணைய ஹாலைடுகளை இதில் போடாதீர்கள். ஈனோலேட் நல்ல காரமும்கூட. நெருக்கடியான ஹாலைடில் பதிலீடு நடக்காமல் நீக்கவினையே நடக்கும். ஹாலைடு ஆல்கீனாகிப் போய்விடும், உங்கள் கீட்டோன் திரும்பி வரும். மெத்தில் அயோடைடு, அல்லைல், பென்சைல் புரோமைடுகளே இதற்கு ஏற்றவை.

5. எல்லாக் கீட்டோனுக்கும் இந்த விதியைப் பொருத்தாதீர்கள். ஃபீனைல் அசிட்டோனில் ஃபீனைல் பக்கத்து ஹைட்ரஜனின் அமிலத்தன்மை மிக அதிகம். அங்கே நெருக்கடி குறைந்த பக்கத்தைக் காரம் தேர்ந்தெடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

விடையை எங்கே பார்ப்பது?

தூய்மையாக்கிய விளைபொருளின் என்.எம்.ஆர்.இல் 1 பி.பி.எம். அருகே உள்ள மெத்தில் சிகரத்தைப் பாருங்கள். 2-பென்சைல்-6-மெத்தில் சைக்ளோஹெக்சனோனில் மெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. அதனால் சிகரம் இரண்டாகப் பிளந்திருக்கும். 2-பென்சைல்-2-மெத்தில் பொருளில் அந்த ஹைட்ரஜன் இல்லை. சிகரம் ஒற்றையாக நிற்கும். சிஸ், டிரான்ஸ் இரண்டும் கலந்திருப்பதால் பிளந்த சிகரங்கள் இரண்டு சோடி வரலாம். அதைப் பக்கம் மாறியதாக எண்ண வேண்டாம். ஒற்றைச் சிகரம் பெரிதாகத் தெரிந்தால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன் பியூட்டைல் லித்தியத்தைக் கடைசியாக எப்போது தரம்பார்த்தீர்கள் என்று குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள்.