ஒரு கேள்வி, நாற்பது கிரெடிட்

சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழின் ஒரு சுற்று மூன்று ஆண்டுகள். மறுபடி தேர்வு எழுதாமல் அதைப் புதுப்பிக்க, அந்தக் காலத்துக்குள் 120 சி.பி.இ. கிரெடிட் சேர்க்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் தனி. பெரும்பாலும் ஒரு மணி நேரப் படிப்புக்கு ஒரு கிரெடிட். குறைந்தது 90 கிரெடிட் ‘ஏ’ பிரிவில், அதாவது பாதுகாப்புத் துறை சார்ந்ததாக இருக்க வேண்டும். மேடையில் பேசுவது, திட்ட மேலாண்மை போன்ற பொதுத் திறன்களுக்கான ‘பி’ பிரிவில் 30 வரை ஏற்பார்கள்.

வெபினார்களைக் கேட்டே இந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம். விதி அதைத் தடுக்கவில்லை. நான் வேறு வழியில் போகிறேன். ஆண்டின் தொடக்கத்தில், வேலையில் எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதிக்கொள்கிறேன். அந்த ஆண்டுக்குரிய 40 கிரெடிட்டில் பெரும்பகுதியை அந்தக் கேள்வியைச் சுற்றியே சேர்க்கிறேன்.

அப்படி எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று: “எங்கள் டொமைனில் யாராவது கெர்பரோஸ்டிங் செய்தால் எங்களுக்குத் தெரியவருமா?” சர்வீஸ் கணக்கு ஒன்றுக்கான டிக்கெட்டைச் சாதாரணப் பயனர் எவரும் டொமைன் கன்ட்ரோலரிடம் கேட்டு வாங்க முடியும். அந்த டிக்கெட்டின் ஒரு பகுதி, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லிலிருந்து உருவான சாவியால் பூட்டப்பட்டிருக்கும். தாக்குபவர் அதைத் தன் கணினிக்கு எடுத்துப்போய் நிதானமாகக் கடவுச்சொல்லை ஊகிக்கிறார். ஊகம் நம் சர்வருக்கு வெளியே நடப்பதால், தோற்றுப்போன லாகின் எதுவும் நம் பதிவில் விழாது.

முதலில் ஆக்டிவ் டைரக்டரி தாக்குதல்கள் பற்றிய ஒரு பயிற்சி வகுப்பு. பிறகு வீட்டு லேப்: சோதனை உரிமத்தில் கிடைக்கும் விண்டோஸ் சர்வர் 2019, ஒரு கிளையன்ட், ஒரு லினக்ஸ் கணினி, மூன்றும் வெளி உலகத் தொடர்பில்லாத மெய்நிகர் வலையில். அங்கே இம்பாக்கெட் தொகுப்பின் `GetUserSPNs.py`-ஐ `-request` தெரிவுடன் இயக்கிவிட்டு, டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4769 என்ற நிகழ்வைத் தேட வேண்டும். தேடியும் அது இல்லையென்றால், ‘Audit Kerberos Service Ticket Operations’ தணிக்கை இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பில் கேட்டது இந்த இடத்தில்தான் கைக்கு வருகிறது.

பதிவு கிடைத்ததும் சிக்மா விதியின் `detection` பகுதியை எழுதலாம்:

```
detection:
  selection:
    EventID: 4769
    TicketEncryptionType: '0x17'
  filter:
    ServiceName|endswith: '$'
  condition: selection and not filter
```

0x17 என்பது பழைய ஆர்.சி.4 குறியாக்கம். இந்த விதிக்கு இரண்டு குறைகள் உண்டு. ஆர்.சி.4-ஐ இன்னும் நம்பியிருக்கும் பழைய மென்பொருள்கள் வீண் எச்சரிக்கை எழுப்பும். தாக்குபவர் ஏ.இ.எஸ். டிக்கெட் கேட்டால் விதி மௌனமாக இருந்துவிடும். அதனால் ஒரே பயனர் குறுகிய நேரத்தில் பல சர்வீஸ்களுக்கு டிக்கெட் கேட்கிறாரா என்றும் எண்ண வேண்டியிருக்கிறது. யாருமே பயன்படுத்தாத பொறிக் கணக்கு ஒன்றை சர்வீஸ் பெயருடன் வைப்பது இன்னும் நல்லது. அதற்கு டிக்கெட் கேட்க நேர்மையான காரணம் யாருக்கும் அநேகமாக இருக்காது.

இனி கணக்கு. வகுப்பு 12 மணி, லேப் ஆய்வு 14 மணி, குழுவினருக்கு நடத்தும் பயிலரங்குக்கான தயாரிப்பும் உரையும் 6 மணி என்று வைத்தால் ‘ஏ’ பிரிவில் 32 கிரெடிட். மீதி 8-ஐ வெபினார்களில் சேர்க்கலாம். அந்த வெபினார்களும் அதே கேள்வியை ஒட்டியவையாக இருந்தால் கேட்டது மனதில் நிற்கும். ஆனால் அன்றாட வேலையை ‘படிப்பு’ என்று கணக்கில் எழுதக் கூடாது. அலுவலகத்தில் நாள்தோறும் லாக் பார்ப்பது உங்கள் கடமை என்றால் அதற்குக் கிரெடிட் கிடையாது.

ஐ.எஸ்.சி.2 சிலரின் கிரெடிட்களைத் தணிக்கைக்கு எடுக்கும். வகுப்புக்குச் சான்றிதழ் இருக்கும்; சுயமாகச் செய்த ஆய்வுக்கு நாம்தான் ஆதாரம் உருவாக்க வேண்டும். லேபில் உட்காரும் ஒவ்வொரு முறையும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன சோதித்தேன், என்ன தெரிந்தது என்று நான்கு வரி எழுதி, ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வைக்கிறேன். எழுதிய அன்றே ஐ.எஸ்.சி.2 இணையதளத்தில் பதிந்தும் விடுகிறேன். ஸ்கிரீன்ஷாட் லேபிலிருந்து மட்டும்தான். நிறுவனத்தின் லாகை ஆதாரமாக அனுப்புவது ரகசியத்தை மீறுவதாகும்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே அளவுகோல்: அதன் விடை முடிவில் ஒரு மாற்றமாக இறங்க வேண்டும். கெர்பரோஸ்டிங் கேள்வி மூன்று மாற்றங்களைக் கேட்டது: 4769 தணிக்கையை இயக்குவது, பொறிக் கணக்கு வைப்பது, சர்வீஸ் கணக்குகளைக் கடவுச்சொல் தானாக மாறும் ஜி.எம்.எஸ்.ஏ. கணக்குகளாக மாற்றுவது. இப்படி எந்த மாற்றத்தையும் கேட்காத தலைப்பு என்றால், அதற்கு ஒரு வெபினார் போதும். 40 மணி நேரம் வேண்டாம்.