கண்ணில் சொட்டு மருந்து விட்ட அன்று: குழந்தைக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அடிக்கடி தலைவலி என்று சொல்லும் ஏழு வயதுப் பெண்ணைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெஷினில் முகவாயை வைத்துப் பார்த்ததும் மைனஸ் 0.75 என்று சீட்டு வருகிறது. சொட்டு மருந்து விட்டு முக்கால் மணி நேரம் கழித்து அதே கண்ணைப் பார்த்தால் பிளஸ் 2.50. முதல் சீட்டை நம்பிக் கண்ணாடி வாங்கியிருந்தால், ஏற்கெனவே திணறும் கண்ணுக்கு இன்னும் பாரம் ஏறியிருக்கும்.

கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தசை இறுகி, லென்ஸைக் குண்டாக்குகிறது. குழந்தைகளுக்கு இந்தத் தசை மிக வலுவானது. மெஷினுக்குள் தெரியும் படம் பக்கத்தில் இருப்பதாக நினைத்து, தன்னை அறியாமலே இறுக்கிக்கொள்வார்கள். அப்போது பிளஸ் பவர் ஒளிந்துகொள்ளும், இல்லாத மைனஸ் தலைகாட்டும். சொட்டு மருந்து அந்தத் தசையைத் தளரவைக்கிறது. கண்ணின் பாப்பா விரிவதும் கூடவே நடக்கிறது. அதனால் டாக்டர் உள்ளே விழித்திரையையும் பார்த்துவிடலாம்.

செய்ய வேண்டியவை

• என்ன மருந்து விடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சில மணி நேரம் எப்படிப் போகும் என்பது அதைப் பொறுத்தது. டிராபிகமைடு பெரும்பாலும் அன்று மாலைக்குள் தெளிந்துவிடும். சைக்ளோபென்டோலேட் ஒரு நாள் வரை, ஹோமட்ரோபின் இரண்டு மூன்று நாள் வரை இருக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கும் மாறுகண் உள்ளவர்களுக்கும் சில சமயம் தரப்படும் அட்ரோபின் முழுதாக இறங்க இரண்டு வாரம்கூட ஆகும்.

• வலிப்பு, இதயக் கோளாறு, டவுன் சிண்ட்ரோம், குறைமாதப் பிறப்பு, மருந்து ஒவ்வாமை ஏதாவது இருந்தால் மருந்து விடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

• கண்ணை இறுக மூடிக்கொண்டு அழும் குழந்தையிடம் மல்லுக்கட்ட வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, மூடிய கண்ணிலேயே மூக்கை ஒட்டிய மூலையில் சொட்டு விடச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் மருந்து தானாக உள்ளே இறங்கிவிடும். பிறகு அந்த மூலையை விரலால் ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி அங்கேதான் இருக்கிறது. அதை அடைத்தால் உடம்புக்குள் போகும் மருந்து குறையும், தொண்டையில் கசப்பும் குறையும்.

• தொப்பியோ கூலிங் கிளாஸோ கையோடு கொண்டு போங்கள். விரிந்த பாப்பா வெளிச்சம் பட்டாலும் சுருங்காது. வெளியே வந்ததும் வெயில் கூசும்.

• மறுநாள் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். பார்வை தெளியும் வரை எழுத்து மங்கும் என்று டீச்சருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

• "எரியவே எரியாது" என்று சொல்லாதீர்கள். முதல் சொட்டு சில நொடி எரியும். ஐந்து, பத்து நிமிடம் விட்டு அடுத்த சொட்டு வரும். பொய் சொன்னால் அதற்குக் குழந்தை கண்ணைத் திறக்காது.

• தூரத்தில் இருப்பதும் மங்குகிறது என்று குழந்தை சொன்னால், மருந்து கண்ணைக் கெடுத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு அப்படித்தான் ஆகும். இதுவரை தசையை இறுக்கித்தான் கரும்பலகையையே பார்த்துவந்தாள், இப்போது அந்த உதவி இல்லை. மைனஸ் மூன்று உள்ள பையனோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்துவிடுவான்.

• தெளியும் வரை சைக்கிள் ஓட்டவிடாதீர்கள். மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிவி பார்ப்பதால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வீட்டுப்பாடத்தை முடி என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

• கண்ணாடிச் சீட்டை இன்றைக்கே கொடுங்கள் என்று டாக்டரை நெருக்காதீர்கள். சிலருக்கு அன்றே எழுதலாம். சிலருக்கு மருந்து இறங்கிய பிறகு எந்த லென்ஸில் வசதியாகத் தெரிகிறது என்று இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது தேதியைத் தவறவிடாதீர்கள்.

• அட்ரோபின் களிம்பை வீட்டில் போடச் சொன்னால், குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வாயில் போனால் ஆபத்து. போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உங்கள் கண்ணைத் தொட்டால், உங்கள் பாப்பாவும் விரிந்துகொள்ளும்.

• முகம் லேசாகச் சிவப்பது, வாய் வறள்வது, தூக்கம் வருவது சாதாரணம்தான். ஆனால் காய்ச்சல் அடித்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நடை தள்ளாடினாலோ, குழந்தை சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மருந்தைத் தொடராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். வலிப்பு வந்தாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ, நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.