பாக்கெட் போட்ட தேதி சரிதான். 'புதிதாக அரைத்தது' சரியா?

கேள்வி: மதுரை மாவட்டத்தில் வீட்டிலிருந்தே மசாலாப் பொருட்கள் விற்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று வைத்திருக்கிறேன். மல்லி, மிளகு, சீரகத்தை முழுசாகவே பாக்கெட் போடுகிறேன். மிளகாய்த் தூளை மட்டும் மில்லிலிருந்து 25 கிலோ மூட்டையாக வாங்கி 100 கிராம், 500 கிராம் பாக்கெட்டுகளாக மாற்றுகிறேன். சென்ற செப்டம்பரில் அலுவலர் வந்து தூளை மாதிரி எடுத்துப் போனார். கலப்படம் இல்லை, தரம் சரி, லேபிள்தான் தவறு என்று அறிக்கை வந்தது. இப்போது மாவட்ட வருவாய் அலுவலரிடமிருந்து நோட்டீஸ். பாக்கெட் போட்ட தேதியை ஒழுங்காகத்தான் அச்சடித்திருக்கிறேன். தூள் நல்ல தூள். பிறகு எதற்கு அபராதம்? பயத்தில் முதல் விசாரணைக்குப் போகவில்லை.

– ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த இரண்டு படங்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அறிக்கையின் நகலையும் நோட்டீஸின் நகலையும் நீங்கள் அனுப்பவில்லை.

முதல் படம் உங்கள் பாக்கெட். 'புதிதாக அரைத்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்த் தூள். பாக்கெட் போட்டது: செப்டம்பர் 2025. காலாவதி: ஆகஸ்ட் 2026' என்று இருக்கிறது. இரண்டாவது படம் மில் மூட்டையின் வாய்த் தையலில் தொங்கும் சீட்டு. 'மிளகாய்த் தூள். அரைத்தது: பிப்ரவரி 2025. 12 மாதங்களுக்குள் பயன்படுத்தவும்' என்கிறது அது. அலுவலரும் இந்தச் சீட்டைப் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பாக்கெட் போட்ட தேதியில் தவறு இல்லை. 2020ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைகள், தயாரித்த தேதியையோ பாக்கெட் போட்ட தேதியையோ அச்சிடச் சொல்கின்றன. வாங்குபவர் கைக்குப் போகும் பையில் பொருளை எந்த நாளில் போட்டீர்களோ அதுதான் பாக்கெட் போட்ட தேதி. செப்டம்பரில் போட்டீர்கள், செப்டம்பர் என்று அச்சடித்தீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு மாதமும் ஆண்டும் போதும்.

தவறு அதற்குப் பின்னால் வரும் தேதியில். மில்காரர் கொடுத்த ஆயுள் பிப்ரவரி 2026-க்குள் முடிகிறது. உங்கள் பாக்கெட் அதே தூளுக்கு ஆகஸ்ட் 2026 வரை ஆயுள் கொடுக்கிறது. தூள் பை மாறியதே தவிர, அரைத்த நாள் மாறவில்லை. கூடுதலாகக் கொடுத்த அந்த ஆறு மாதத்துக்கு ஆய்வகச் சோதனை ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். முழு மிளகிலோ மல்லியிலோ இப்படி ஆகியிருந்தால் பொருளுக்குச் சேதம் குறைவு. தோலும் தொலியும் வாசனை எண்ணெயை உள்ளே பிடித்து வைக்கும். அரைத்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும். மிளகாய்த் தூள் சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்குப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தூள் வாங்குபவருக்கு அரைத்த தேதிதான் முக்கியம் என்பது இதனால்தான்.

அடுத்தது 'புதிதாக அரைத்தது' என்ற வாசகம். 2018ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் ஒழுங்குமுறைகளின்படி, ஒரு செயலோடு 'புதிதாக' என்று சேர்த்தால் அந்தச் செயல் இப்போதுதான் நடந்தது என்பதைத் தவிர வேறு எதையும் அது குறிக்கக்கூடாது. பிப்ரவரியில் அரைத்ததைச் செப்டம்பரில் அப்படிச் சொல்ல முடியாது. லேபிளில் பொய்யான, திசைதிருப்பும் கூற்று இருந்தால், பொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன் கீழ் அது 'மிஸ்பிராண்டட்', அதாவது தப்புக் குறியீடு கொண்ட உணவு. பிரிவு 52-இன்படி அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். 'தூள் நல்ல தூள்' என்ற உங்கள் வாதம் கலப்பட வழக்குக்கு உதவும். இந்த வழக்குக்கு அது பதிலே ஆகாது.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். உள்நாட்டுப் பொருளுக்கு விளைந்த ஊரை எழுதியே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதினால் நிரூபிக்க வேண்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மில் சீட்டிலோ வெறும் 'மிளகாய்த் தூள்' என்றுதான் இருக்கிறது. வத்தல் எங்கே வாங்கியது என்று மில்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் கையில் வரும்வரை அந்தப் பெயரோடு ஒரு பாக்கெட்டும் வெளியே போகவேண்டாம்.

இனி நீங்கள் செய்தது. முதல் விசாரணைக்குப் போகாமல் இருந்தது எந்த வகையிலும் சரியில்லை. நீங்கள் வராவிட்டால், காரணத்தைப் பதிவு செய்துவிட்டு நீங்கள் இல்லாமலேயே விசாரணையை நடத்தி உத்தரவு போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பகுப்பாய்வாளர் அறிக்கையை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் இருந்தது, அதையும் விட்டுவிட்டீர்கள். லேபிள் வாசகம் சம்பந்தப்பட்டதால் அதில் பெரிய லாபம் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம். ஆனால் அறிக்கை என்று கைக்கு வந்தது என்பதைக்கூட உங்களால் சொல்ல முடியவில்லை. தபால் உறையைத் தூக்கி எறிந்துவிட்டதாக எழுதுகிறீர்கள். அரசு அலுவலகத்திலிருந்து வரும் பதிவுத் தபாலின் உறையை யாரும் எறியக்கூடாது. அவகாசம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆண்டு முழுக்க வாங்கிய தூளுக்கு மூன்றே மூன்று பில்தான் கையில் இருக்கிறது என்கிறீர்கள். மில்காரர் உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய படிவம் 'ஈ' உத்தரவாதத்தை நீங்கள் கேட்கவே இல்லை. இப்போதாவது கேளுங்கள். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: அந்த உத்தரவாதம் தூளின் தரத்துக்குத்தான் துணை நிற்கும். 'புதிதாக அரைத்தது' என்று எழுதியது நீங்கள், மில்காரர் அல்ல.

அடுத்த விசாரணைக்கு அவசியம் போகவேண்டும். அபராதத் தொகையை முடிவு செய்யும்போது, தவறால் கிடைத்த லாபம், யாருக்காவது ஏற்பட்ட நஷ்டம், தவறு திரும்பத் திரும்ப நடந்ததா, தெரியாமல் செய்ததா ஆகியவற்றை அலுவலர் பார்க்க வேண்டும் என்கிறது பிரிவு 49. உங்கள் நம்பிக்கை அங்கேதான். பழைய பைகளை நிறுத்திவிட்டதற்கும் புது லேபிள் அச்சடித்ததற்கும் ஆதாரம் கொண்டு போங்கள்.

புது லேபிளில் அரைத்த மாதம், பாக்கெட் போட்ட மாதம் இரண்டையும் போடுங்கள். காலாவதியை மில் கொடுத்த தேதியைத் தாண்டாமல் நிறுத்துங்கள். தொகுதி எண்ணை எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று தெரியும்படி அமைத்து, மூட்டைச் சீட்டை நோட்டில் ஒட்டி வையுங்கள். 100 கிராம் 60 ரூபாய் என்றால் கிராமுக்கு 60 காசு என்ற அலகு விலையும் வரவேண்டும். அது எடையளவுச் சட்ட விதி. பழைய பையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித் திருத்த நினைக்காதீர்கள். விலையைக் குறைப்பதற்குத் தவிர மற்றதற்கு அந்த விதிகள் ஸ்டிக்கரை அனுமதிப்பதில்லை. அது இன்னொரு வழக்காகும்.

நோட்டீஸைப் பார்க்காமல் நான் சொல்வது பொதுவான கருத்துதான். இதை வைத்து நீங்களே பதில் மனு எழுத வேண்டாம். நோட்டீஸ், அறிக்கை, மூன்று பில், பதிவுச் சான்று, பழைய பை ஒன்று, மூட்டைச் சீட்டு ஆகியவற்றோடு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கட்டணம் சிரமம் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. ஒருவேளை உத்தரவு ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் அதன் நகலை உடனே வாங்குங்கள். தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்வதற்கும் 30 நாள்தான்.