முன்குறிப்பும் மனிதனின் சுயாதீனமும்

கால்வினுடைய முன்குறிப்புக் கொள்கையை மறுத்தோர் கிருபையையே மறுத்தனர் என்று எண்ணுவாருளர். அது பொருந்தாதென்பது நம் கருத்து. லைடன் நகரிற் பேராசிரியராயிருந்து 1609-இல் மறைந்த அர்மினியுஸ் என்பாரும், தேவகிருபை முந்திவந்து உதவாவிடின் மனிதன் விசுவாசித்தல் இயலாதென்றே போதித்தார். பிணக்கு வேறிடத்தில் உளது.

தேவன் தாம் முன்னறிந்தவர்களை முன்குறித்தார் என்பது ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்துச் செய்தி. முன்னறிதலாவது யாது? இன்னார் விசுவாசிப்பார் என முன்னரே கண்டமையே என்பர் அர்மினியுஸின் வழியினர். அன்பினால் தமக்கென்று தெரிந்துகொண்டமையே என்பர் கால்வினியர். விசுவாசமும் தேவன் தந்த ஈவாதலின், அது தெரிந்துகொள்ளுதலின் விளைவேயன்றிக் காரணமாகாது. 1618, 1619-ஆம் ஆண்டுகளில் டோர்ட் நகரிற் கூடிய திருச்சபைச் சங்கம் இதனையே நிலைநாட்டியது.

ஒரே பிரசங்கத்தைக் கேட்ட இருவருள் ஒருவன் நம்புகிறான்; மற்றவன் நம்பவில்லை. இவ்வேற்றுமை யாரால் வந்தது? தேவனால் என்னின், மற்றவனுக்கு அக்கிருபையை ஏன் அருளவில்லை என்னும் வினா எழும். கால்வின் அதனைத் தேவரகசியம் என்று கூறி, அதற்குமேல் ஆராயாது நின்றார். மனிதனால் என்னின், நம்பினவன் தன்னை மெச்சிக்கொள்ள இடமுண்டாகுமன்றோ? இதற்கு விடையாகவே அர்மினியுஸ் இரப்பவனை உவமை காட்டினார்: அவன் கைநீட்டி ஏற்றதனால், செல்வன் ஈந்தது கொடையன்று என்று ஆகிவிடாது. உவமை நமக்கு இனிதாகவே தோன்றுகிறது. ஆயினும், அக்கையை நீட்டச் செய்தது எது என்று கால்வினியர் மீண்டும் கேட்பர்.