அந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது?

க.பொ.த. சாதாரண தரத்திற்குப் படிக்கும் மாணவி ஒருவர் தமது வீட்டுவேலைக் கணக்கொன்றை எமக்கு எழுதியனுப்பியிருந்தார். கணக்கு இதுதான்: ஒரு செவ்வகப் பாத்தியின் நீளம் அதன் அகலத்திலும் பார்க்க 10 மீற்றர் கூடியது. பரப்பளவு 39 சதுர மீற்றர். அகலம் யாது?

விடை 3 என்பது அவருக்குத் தெரியும். அவரைக் குழப்பியது வேறொன்று. “பத்தில் பாதி ஐந்து, ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து, அதை இரு பக்கமும் கூட்டு என்று சொல்லித் தந்தார்கள். கணக்கிலே இல்லாத இருபத்தைந்து ஏன் வருகிறது? ஏன் பாதி எடுக்கவேண்டும்?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. விடையை மட்டும் எழுதி அனுப்பினால் அது தீராது.

அகலத்தை x என்போம். நீளம் x + 10. ஆகவே,

x² + 10x = 39

இதை எழுத்தாகப் பார்க்காமல் நிலமாகப் பார்ப்போம். x² என்பது பக்கம் x ஆகவுள்ள ஒரு சதுரத் துண்டு. 10x என்பது அதன் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும், 10 மீற்றர் நீளமும் x அகலமும் கொண்ட பட்டி. இரண்டும் சேர்ந்து 39 சதுர மீற்றர். பிள்ளை தாளில் வெட்டிப் பார்க்கலாம். முற்றத்து மண்ணில் ஈர்க்கால் கீறினாலும் போதும்.

முழு உருவமும் சதுரமாக இருந்தால் வேலை சுலபம். பரப்பளவின் வர்க்கமூலமே பக்கத்தைத் தந்துவிடும். ஆனால் நம்மிடமுள்ளது நீளப்பாத்தி. அதைச் சதுரமாக்க முயல்வோம். பட்டி முழுவதையும் ஒரே பக்கத்தில் விட்டால் அது நீளமாகவே இருக்கும். சதுரத்தில் நீளமும் அகலமும் ஒரே அளவில் வளரவேண்டும். ஆகவே பட்டியை நடுவே வெட்டி, 5 மீற்றர் நீளமான இரு துண்டுகளாக்கி, ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றதைக் கீழ்ப்பக்கத்திலும் வைக்கிறோம். பாதி எடுப்பதற்குக் காரணம் இவ்வளவே: இரு பக்கத்திற்கும் சமமாகப் பங்கிடுகிறோம். நிலத்தின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை, இன்னும் 39தான்.

இப்போது உருவத்தைப் பாருங்கள். பக்கம் x + 5 ஆகவுள்ள பெரிய சதுரம் ஏறக்குறைய வந்துவிட்டது. வலக்கீழ் மூலையில் மட்டும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதன் நீளம் 5, அகலம் 5. அந்த மூலையை நிரப்ப வேண்டிய மண்தான் மாணவி கேட்ட இருபத்தைந்து. அதை நிரப்பினால் மொத்தம் 39 + 25 = 64.

(x + 5)² = 64

பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5 நாம் ஒட்டிய துண்டு. எனவே x = 3. பாத்தி 3 மீற்றர் அகலமும் 13 மீற்றர் நீளமும் உடையது. 3 × 13 = 39; சரி.

இந்த 39உம் 10உம் பழைய எண்கள். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் இதே சமன்பாட்டைத் தம் நூலில் சதுரங்கள் கீறியே விளக்கினார். அந்த நூலின் தலைப்பிலுள்ள ‘அல்-ஜபர்’ என்ற சொல்லிலிருந்துதான் அட்சரகணிதத்தின் ஆங்கிலப் பெயர் பிறந்தது.

பிள்ளைகள் இதில் வழக்கமாகத் தவறும் இடங்கள் இரண்டு. 25ஐ இடப்பக்கத்தில் மட்டும் கூட்டிவிட்டு, வலப்பக்கத்தை 39 ஆகவே விடுவது ஒன்று. மூலையை நிரப்பிய பின்னும் நிலம் பழைய அளவே என்று சொல்வதற்கு இது சமம். மற்றது, 8 வந்தவுடன் அதையே விடையென எழுதிவிடுவது. 8 × 18 எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் 144 வரும். பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வர்க்கித்தால் 64 தருவது 8 மட்டுமல்ல, −8உம் தரும். அப்படி எடுத்தால் x = −13. (−13) × (−3) = 39 என்பதால் சமன்பாடு இதையும் ஏற்கிறது. நிலம் ஏற்காது, அகலம் மறை எண்ணாக இருக்கமுடியாது. அல்-குவாரிஸ்மியும் 3ஐ மட்டுமே தந்தார். பரீட்சையில் “சமன்பாட்டைத் தீர்க்க” என்று மட்டும் கேட்டால் இரண்டையும் எழுதவேண்டும். பாத்தியின் அகலத்தைக் கேட்டால், −13ஐ ஏன் விலக்கினோம் என்று ஒரு வரி எழுதி 3ஐத் தரவேண்டும்.

“காரணிப்படுத்தினால் இரண்டு வரியில் முடியுமே” என்று மாணவி கேட்கக்கூடும். உண்மைதான், 13உம் 3உம் கண்ணில் பட்டுவிட்டால் அது விரைவான வழி. ஆனால் பரப்பளவு 39 அல்ல, 40 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 40, வித்தியாசம் 10 என்று வரும் முழு எண்கள் இரண்டைத் தேடினால் கிடையா. சதுரமோ அப்போதும் கைவிடாது. மூலை அதே 25, மொத்தம் 65, பக்கம் √65, அதாவது ஏறக்குறைய 8.06. ஐந்தைக் கழித்தால் அகலம் 3.06 மீற்றர். நூலும் முளையும் கொண்டு பாத்தி அளப்பவருக்கு, 3 மீற்றரும் ஆறு சென்ரிமீற்றரும்.

அடுத்ததாக மாணவி x² + 6x = 40 என்பதைச் செய்து பார்க்கட்டும். முதலில் கேட்கவேண்டியது, இம்முறை மூலையின் அளவு என்ன என்பது.