எண் சிதையா எழுத்து

நுழையும்முன்

திரையில் ஒளிரும் ஓர் எண்ணைக் கண்ணால் காண்பது எளிது. அதே எண்ணைத் தமிழ்த் தொடருக்குள் அதன் மதிப்புக் குறையாமல் அமைப்பதற்குப் பயிற்சி வேண்டும். ஒரு சுழியை விட்டுவிட்டால் பல்லாயிரம் மக்கள் கணக்கிலிருந்து மறைந்துபோவர். ‘ஏறத்தாழ’ என்னும் ஒரு சொல்லை விட்டுவிட்டால் தோராயமான எண் துல்லியமான உண்மையாக மாறிவிடும். திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குகிறது இப்பாடம்.

இரு கட்டங்களும் ஒரே எண்ணும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு வகுப்பில் கருத்தரங்கம் நடக்கிறது என்று கொள்வோம். ஸ்லைடு எனப்படும் படவில்லை ஒன்று திரையில் தோன்றுகிறது. அதில் நான்கு வரிகள் உள்ளன.

- திண்டுக்கல் மாவட்டம்: 2.16 M
- ஆண்கள்: 1.08 M
- பெண்கள்: 1.08 M
- திண்டுக்கல் நகரம்: 0.21 M

இப்படவில்லையைப் பார்த்து ஒரு மாணவர் கட்டுரை எழுதுகிறார். “திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 21 இலட்சத்து 60 ஆயிரம். இம்மாவட்டத்தில் ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் உள்ளனர். நகரத்தில் 2 இலட்சத்து 10 ஆயிரம் பேர் வாழ்கின்றனர்” என்பது அவர் எழுதிய பகுதி. தொடர்களில் இலக்கணப் பிழை இல்லை. மில்லியனை இலட்சமாக மாற்றிய கணக்கிலும் பிழை இல்லை. எனினும் மூன்று தொடர்களும் உண்மைக்கு மாறானவை.

கணக்கெடுப்பு அட்டவணையில் உள்ள எண்கள் வேறு. மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 2,159,775. அவர்களுள் ஆண்கள் 1,080,938 பேர். பெண்கள் 1,078,837 பேர். அன்று நகராட்சியாக இருந்த திண்டுக்கல் நகரின் மக்கள்தொகை 207,327. படவில்லையைத் தயாரித்தவர் இடம் கருதி இவற்றைச் சுருக்கினார். மாணவரோ சுருங்கிய எண்ணையே முழு எண்ணாகக் கொண்டுவிட்டார்.

மூன்று, இரண்டு, இரண்டு

முழு எண் கிடைத்துவிட்டது. இனி அதனைத் தமிழ் வழக்கிற்கு மாற்ற வேண்டும். உலக வழக்கில் வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் காற்புள்ளி இடுவர். நம் வழக்கில் முதலில் மூன்று இலக்கங்களையும், அதன்பின் இரண்டிரண்டு இலக்கங்களையும் பிரிப்போம். வலப்புறத்தில் வரும் முதற் காற்புள்ளி இரு வழக்கிலும் ஒரே இடத்தில்தான் விழுகிறது. அதற்கு இடப்புறத்தில் இருப்பது ஆயிரங்களின் எண்ணிக்கை. வேறுபாடு அங்கிருந்தே தொடங்குகிறது.

2,159,775 என்பதை எடுத்துக்கொள்வோம். காற்புள்ளிகளை நீக்கினால் 2159775 என்னும் ஏழு இலக்க எண் கிடைக்கும். வலப்புறத்து மூன்று இலக்கங்கள் 775. அடுத்த இரண்டு இலக்கங்கள் 59, அவை ஆயிரங்கள். எஞ்சியிருப்பது 21, அவை இலட்சங்கள். ஆகவே 21,59,775 என எழுதி, ‘21 இலட்சத்து 59 ஆயிரத்து 775’ என்று தொடரில் அமைக்கலாம். இலட்சங்களும் இரண்டு இலக்கத்தைக் கடந்தால், கடந்தவை கோடிகள் ஆகும். தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையாகிய 72,147,030 என்பது 7,21,47,030 ஆகும். அதனை ‘7 கோடியே 21 இலட்சத்து 47 ஆயிரத்து 30’ என எழுத வேண்டும்.

சுருக்கக் குறிகளுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு மில்லியன் பத்து இலட்சம். பத்து மில்லியன் ஒரு கோடி. ஒரு பில்லியன் நூறு கோடி. எனவே மில்லியனில் உள்ள எண்ணைப் பத்தால் பெருக்கினால் இலட்சம் கிடைக்கும். பில்லியனில் உள்ள எண்ணை நூறால் பெருக்கினால் கோடி கிடைக்கும்.

சுழியைக் காத்தல்

மாற்றி எழுதும்போது மிகுதியாகத் தவறு நேரும் இடம், ஒரு பகுதியின் தொடக்கத்தில் சுழி வரும் இடமே. நகரின் மக்கள்தொகை 207,327 என்பதைப் பிரித்தால் 2,07,327 ஆகும். ஆயிரங்களின் இடத்தில் 07 உள்ளது. அதனை ‘2 இலட்சத்து 7 ஆயிரத்து 327’ என எழுத வேண்டும். ‘2 இலட்சத்து 70 ஆயிரத்து 327’ என எழுதினால், இல்லாத 63 ஆயிரம் பேர் நகரில் குடியேறிவிடுவர்.

2011ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று வெளியான முதற்கட்ட முடிவின்படி இந்தியாவின் மக்கள்தொகை 1,210,193,422. இதனை 121,01,93,422 எனப் பிரிக்கலாம். இலட்சங்களின் இடத்தில் 01 உள்ளது. எனவே ‘121 கோடியே 1 இலட்சத்து 93 ஆயிரத்து 422’ என்பதே சரி. ‘121 கோடியே 10 இலட்சத்து’ என்று எழுதிவிட்டால் ஒன்பது இலட்சம் மிகும். அது திண்டுக்கல் நகரின் மக்கள்தொகையைப்போல் நான்கு மடங்கினும் மிகுதி.

எழுதியது சரியா என்பதை அறிய எளிய வழி, தொடரிலிருந்து மீண்டும் எண்ணுக்குச் செல்வதாகும். மூல எண்ணைப் பாராமல், கோடியை உள்ளவாறே எழுதி, இலட்சம், ஆயிரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடமும் இறுதிப் பகுதிக்கு மூன்று இடமும் ஒதுக்கி எண்ணை எழுதுக. இடப்புறக் கோடியில் உள்ள பகுதி தவிர ஏனையவற்றில் காலியாகும் இடத்தைச் சுழியால் நிரப்புக. பின்னர் மூலத்தோடு ஒப்பிடுக. இலக்கங்களின் எண்ணிக்கையும் வரிசையும் ஒத்திருந்தால் தொடர் சரி.

சாரியை தரும் உதவி

எண்ணுப்பெயர்கள் தொடரும்போது தமிழ் இலக்கணம் அவற்றைப் பிணைத்துத் தருகிறது. மகர ஈற்றுச் சொற்களாகிய இலட்சம், ஆயிரம் என்பன அத்துச் சாரியை பெற்று இலட்சத்து, ஆயிரத்து என நிற்கும். கோடி என்னும் சொல் ஏகாரம் பெற்றுக் ‘கோடியே’ என நிற்கும். இவ்வடிவங்களைக் கண்டதும், எண் இன்னும் முடியவில்லை என்பதைப் படிப்பவர் உணர்வார். எண் முடியும் இடத்தில் சாரியை வாராது. ‘21 இலட்சம் 59 ஆயிரம் 775’ என எழுதினால் மூன்று தனி எண்களைப் பட்டியலிட்டதுபோல் தோன்றும்.

எழுத்தால் எழுதும்போது 21,59,775 என்பது ‘இருபத்தோர் இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து’ ஆகும். உயிரெழுத்தில் தொடங்கும் ‘இலட்சம்’ என்னும் சொல்லுக்கு முன் ‘ஓர்’ வருவதைக் காண்க. நீண்ட எண்களை எழுத்தால் எழுதுவது படிப்பவர்க்குச் சுமையாகும். எனவே கட்டுரைகளில் இலக்கங்களை எண்ணாலும், இலட்சம், கோடி ஆகிய அளவுகளை எழுத்தாலும் எழுதுவது தக்கது.

தோராயமும் துல்லியமும்

மீண்டும் மாணவரின் கட்டுரைக்கு வருவோம். அவருடைய இரண்டாம் தொடர், ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையினர் என்றது. படவில்லையில் இருபாலார்க்கும் 1.08 M என்றே இருந்தது. ஆனால் அட்டவணையின்படி ஆண்கள் 10 இலட்சத்து 80 ஆயிரத்து 938 பேர். பெண்கள் 10 இலட்சத்து 78 ஆயிரத்து 837 பேர். ஆண்கள் 2,101 பேர் மிகுதி. ஆயிரம் ஆண்களுக்கு 998 பெண்கள் என்னும் விகிதம் இதிலிருந்தே பெறப்படுகிறது. ‘சமம்’ என்று எழுதிய கணத்தில் அந்த விகிதம் மறைந்துவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. மில்லியனை இரண்டு தசம இடங்களோடு எழுதும்போது, கடைசி இலக்கத்தின் மதிப்பு பத்தாயிரம். 10,75,000 முதல் 10,85,000க்குச் சற்றுக் குறைவாக உள்ள எண்கள்வரை அனைத்தும் 1.08 M என்றே தோன்றும். பத்தாயிரத்திற்குக் குறைந்த வேறுபாடு அதற்குள் மறைந்து நிற்கலாம். ஆகையால் சுருக்கப்பட்ட இரு எண்களை ஒப்பிட்டுச் ‘சமம்’ என்றோ, கழித்து ‘இவ்வளவு வேறுபாடு’ என்றோ எழுதுதல் கூடாது.

சுருக்கிய எண் மட்டுமே கிடைத்தால் என்ன செய்வது? அதன் தோராயத் தன்மையைத் தொடரிலேயே காட்ட வேண்டும். 2.16 M என்பதை ‘ஏறத்தாழ 21.6 இலட்சம்’ என்று எழுதலாம். மூல எண் கையில் இருந்தால் ‘ஏறத்தாழ’ வேண்டா. ‘ஏறத்தாழ 21 இலட்சத்து 59 ஆயிரத்து 775 பேர்’ என்பது தன்னைத்தானே மறுக்கும் தொடர். இறுதி இலக்கம்வரை சொல்லிவிட்டபின் தோராயத்திற்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் உளங்கொண்டு அம்மாணவர் தம் பகுதியைத் திருத்தி எழுதினார் எனின், அது இவ்வாறு அமையும்:

“2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 21 இலட்சத்து 59 ஆயிரத்து 775. அவர்களுள் ஆண்கள் 10 இலட்சத்து 80 ஆயிரத்து 938 பேர். பெண்கள் 10 இலட்சத்து 78 ஆயிரத்து 837 பேர். திண்டுக்கல் நகரில் மட்டும் 2 இலட்சத்து 7 ஆயிரத்து 327 பேர் வாழ்ந்தனர்.”

ஆண்கள், பெண்கள் தொகைகளைக் கூட்டினால் மாவட்டத்தின் மொத்தம் பிசகாமல் கிடைக்கிறது. பகுதிகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுவது, தொடரில் எண்கள் சிதையாமல் வந்துள்ளனவா என்பதை அறியும் மற்றொரு வழியாகும். முதலில் எழுதிய கட்டுரையில் 1.08 உம் 1.08 உம் சேர்ந்து 2.16 ஆயின. அங்கும் கூட்டல் பொருந்தியது. ஆயினும் அது உண்மையைக் காட்டவில்லை. எனவே மூல அட்டவணையைத் தேடி எடுத்த பின்னரே இச்சோதனைக்குப் பயன் உண்டு.

கற்பவை கற்றபின்

1. 2001ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 1,923,014. இதனை இலட்சம், ஆயிரம் ஆகிய அளவுகளில் தொடராக்குக. இறுதிப் பகுதியில் உள்ள சுழியை எவ்வாறு கையாண்டீர் என விளக்குக.

2. “1.9 மில்லியனிலிருந்து 2.2 மில்லியனாக உயர்ந்ததால், பத்தாண்டுகளில் மாவட்டத்தின் மக்கள்தொகை 3 இலட்சம் பெருகியது.” மூல எண்களைக் கொண்டு உண்மையான பெருக்கத்தைக் கண்டறிந்து, இத்தொடரைத் திருத்தி எழுதுக.

3. உம் பள்ளியில் காட்டப்பட்ட படவில்லை ஒன்றிலிருந்து மூன்று பேரெண்களை எடுத்துக்கொள்க. அவற்றுள் எவை துல்லியமானவை, எவை தோராயமானவை எனப் பிரித்து, ஒரு பத்தியில் எழுதுக.